ஒரே கருப்பு ஸ்கெட்ச் பேனா, பட்டை மட்டும் ஏன் இரண்டு விதம்?

மல்லிகா_டீச்சர் | செவ்வாய், இரவு 9.10

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நேற்று கருப்பு மையைத் தாள் வண்ணப்பிரிகையில் பிரித்துப் பார்க்கும் செய்முறை வைத்தேன். வடிதாளை இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே பென்சில் கோடு போட்டு, கோட்டின் நடுவில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தோம். டம்ளரில் ஒரு செ.மீ. தண்ணீர். பட்டையின் மேல்முனையைப் பென்சிலில் ஒட்டித் தொங்கவிட்டோம். அரை மணி நேரத்தில் மேலே வெளிர்நீலம், நடுவில் ரோஸ், கீழே மஞ்சள் என்று பிரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

சிக்கல் அதற்கப்புறம்தான். அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிப் புள்ளி வைத்தார்கள். ஆனால் இரண்டு பட்டையிலும் நிறங்கள் நிற்கும் இடம் வேறு. "டீச்சர், பேனா ஒண்ணுதானே, மை எப்படி வேற ஆச்சு?" என்று கேட்டார்கள். நீர் ஏறிய உயரம் வேறு, அதனால் விகிதம் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார்கள். விகிதமும் ஒத்துவரவில்லை.

முதல் பட்டையில் நீர் 84 மி.மீ. ஏறியிருக்கிறது. நீலம் 78, ரோஸ் 59, மஞ்சள் 46. அதாவது 0.93, 0.70, 0.55. இரண்டாவதில் நீர் 70 மி.மீ., நீலம் 63, ரோஸ் 41, மஞ்சள் 33. விகிதம் 0.90, 0.59, 0.47.

இன்னும் இரண்டு சந்தேகம். நீலத்துக்கும் ரோஸுக்கும் நடுவில் ஊதாவாக ஒரு பட்டை தெரிகிறது, அது நான்காவது சாயமா? அப்புறம் பென்சில் கோட்டிலேயே லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. அது என்ன?

---

ஒளியன் | செவ்வாய், இரவு 9.32

டீச்சர், கருப்பு என்பது எல்லா நிறத்தையும் உறிஞ்சிக்கொள்வது. உறிஞ்சியதைத் தண்ணீர் வெளியே விடுகிறது, அவ்வளவுதான். நிறப்பிரிகையில் சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் விலகும் என்று படித்திருக்கிறோமே. பட்டையைப் பிடித்த கோணம் மாறியிருக்கும், அதனால்தான் இடம் மாறியிருக்கிறது.

---

ராதா_கெம் | செவ்வாய், இரவு 9.41

ஒளியன், நீங்கள் சொல்வது முப்பட்டகம் வழியே ஒளி பிரிவது. இங்கே கேட்டிருப்பது வண்ணப்பிரிகை. பெயர் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் ஒரு தடவை குழம்பும். மையில் ஒளி எதுவும் அடைபட்டுக் கிடக்கவில்லை. மஞ்சள் சாயம், ரோஸ் சாயம், நீலச் சாயம் என்று தனித்தனிப் பொருள்களைக் கலந்து கருப்பாக்கியிருக்கிறார்கள். மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும், ரோஸ் பச்சையை விழுங்கும், வெளிர்நீலம் சிவப்பை விழுங்கும். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணுக்குத் திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர் அந்தச் சாயங்களை வெவ்வேறு தூரம் இழுத்துப் போகிறது.

---

கணேஷ்_பிஎஸ்சி | செவ்வாய், இரவு 9.58

இது சுலபம். கனமான மூலக்கூறு கீழே நிற்கும், லேசானது மேலே போகும். நீலம் லேசு, மஞ்சள் கனம். இரண்டாவது பட்டையில் பிள்ளை புள்ளியைப் பெரிதாக வைத்திருக்கும். மை அதிகமானால் புள்ளி வால் விட்டு இழுபடும், நடு எது என்றே தெரியாது, அளவும் தப்பாகும். பேனாவை அழுத்தி வைக்கக் கூடாது, கூர்முனையால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு வைக்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்குக் குண்டூசித் தலை அளவுக்கு மேல் புள்ளி போனால் பட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

---

சாயக்காரன்_திருப்பூர் | செவ்வாய், இரவு 10.25

புள்ளி அளவைப் பற்றிக் கணேஷ் தம்பி சொன்னது சரி. கனம், லேசு என்பது தப்பு. முப்பது வருஷம் சாயப்பட்டறை லேபில் இருந்தவன் சொல்கிறேன்.

இனிப்பிலும் சர்பத்திலும் போடுகிற மஞ்சள் டார்ட்ரசின், நீலம் பிரில்லியன்ட் புளூ. மஞ்சளின் மூலக்கூறு எடை 534, நீலத்துக்கு 793. இரண்டையும் கலந்து வடிதாளில் தண்ணீர் விட்டு ஏற்றிப் பாருங்கள், கனமான நீலம்தான் முந்தி ஓடும். கனக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். வடிதாள் என்பது பருத்தி மாதிரி செல்லுலோஸ். சாயம் தண்ணீரோடு போகலாமா, தாளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று வழி நெடுக இழுபறி நடக்கிறது. தட்டையாக, நீளமாக இருக்கும் சாயம் செல்லுலோஸ் இழைமேல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும், எளிதில் எழுந்திருக்காது. பருத்தியில் நேரடியாக ஏறும் சாயமெல்லாம் இந்த ரகம். பிரில்லியன்ட் புளூ அப்படியல்ல, மின்விசிறி இறக்கை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும் மூலக்கூறு. எத்தனை கனமாக இருந்தாலும் தாள்மேல் படுக்க முடியாது, தண்ணீர் கூப்பிட்டால் போய்விடும்.

எங்களுக்கு இது பழக்கமான சோதனை. சாயப்பொடி மூட்டை வந்தால் ஈரமான வடிதாள்மேல் ஒரு சிட்டிகைப் பொடியை ஊதிவிடுவோம். "கருப்பு" என்று விற்ற பொடி நீலமும் ஆரஞ்சுமாகப் புள்ளி புள்ளியாக விரிந்தால் அது கலவை, ஒரே நிறத்தில் விரிந்தால் ஒற்றைச் சாயம். கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் தாள் சொல்வதைத்தான் நம்புவோம்.

டீச்சர், ஒரு கேள்வி. இரண்டு பிள்ளைகளும் தண்ணீரை ஒரே இடத்தில் பிடித்தார்களா?

---

மல்லிகா_டீச்சர் | புதன், மாலை 5.20

ஐயா, இன்று காலை முதல் வேலையாக அதைத்தான் விசாரித்தேன். முதல் பிள்ளை வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பள்ளிக் குழாயில் பிடித்திருக்கிறாள். எங்கள் பள்ளி போர் தண்ணீரில் சத்துணவுப் பருப்பு வேக மதியமாகிவிடும், அவ்வளவு உப்பு. இதற்கும் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டா?

---

சாயக்காரன்_திருப்பூர் | புதன், மாலை 6.05

உண்டா என்றா கேட்கிறீர்கள்! பருத்தி நூலுக்குச் சாயம் போடும்போது தொட்டியில் கிலோ கணக்கில் உப்பைக் கொட்டுவது எதற்காக? தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளத்தான். செல்லுலோஸ் தண்ணீரில் நனைந்தால் லேசாக எதிர்மின்சுமை ஏறும். இந்த மாதிரிச் சாயங்களுக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு நடுவில் வந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும், சாயம் இழையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். உங்கள் போர் தண்ணீர் ஒரு சின்னச் சாயத்தொட்டி மாதிரி வேலை செய்திருக்கிறது.

உங்கள் எண்களையே பாருங்கள். நீலம் 0.93-லிருந்து 0.90, பெரிதாக அசையவில்லை. ஏற்கெனவே தாளைப் பிடிக்காத சாயம், உப்புக்கும் மசியவில்லை. ரோஸ் 0.70-லிருந்து 0.59-க்கு இறங்கிவிட்டது. தாளோடு கொஞ்சம் ஒட்டுறவு உள்ள சாயம்தான் உப்பைப் பார்த்ததும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். மை மாறவில்லை டீச்சர், தண்ணீர்தான் மாறியது.

நிரூபிக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் உப்பைக் கரைத்து, அதே பேனாவில் இன்னொரு பட்டை ஓட்டுங்கள்.

---

ராதா_கெம் | புதன், இரவு 8.30

ஐயா சொன்னது நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் பழியை முழுக்க உப்பின் தலையில் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஒன்றில் நீர் 84 மி.மீ. ஏறியிருக்கிறது, மற்றதில் 70. டம்ளர் திறந்தபடியா இருந்தது? மூடி இல்லாவிட்டால் பட்டையின் மேல்பகுதியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஃபேன் காற்று படும் மேஜையில் ஒரு மாதிரி ஓடும், மூலையில் ஒரு மாதிரி ஓடும். டம்ளர்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு தண்ணீருக்கு மூன்று பட்டையாவது ஓட்டுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று 0.02, 0.03-க்குள் இருந்தால்தான் 0.11 வித்தியாசத்தை நம்பலாம்.

இன்னொன்று, பட்டையை எடுத்தவுடன் நீர் ஏறிய எல்லையைப் பென்சிலால் குறித்தார்களா? காய்ந்தபின் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகள் ஊகித்துக் கோடு போடுவார்கள். பாதிப் பிழை அங்கேதான் வரும்.

---

வெண்பா_10அ | புதன், இரவு 9.02

அக்கா, நானும் வீட்டில் இந்தச் செய்முறை செய்தேன். ஜெல் பேனாவில் புள்ளி வைத்தேன். ஒரு மணி நேரமாகியும் அப்படியே கருப்பாக நிற்கிறது, எதுவுமே பிரியவில்லை. நான் தப்பாகச் செய்துவிட்டேனா? மல்லிகா டீச்சர் சொன்ன சாம்பல் நிறமும் இதுவும் ஒன்றா?

---

ராதா_கெம் | புதன், இரவு 9.25

தப்பாகச் செய்யவில்லை வெண்பா. நகராமல் நிற்பதும் ஒரு பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

பல கருப்பு ஜெல் பேனாக்களில் சாயமே இருக்காது. மிக நுண்ணிய கரித்தூள், அதாவது புகைக்கரி மாதிரி ஒன்று, நீரில் மிதந்துகொண்டிருக்கும். அது கரையவே கரையாது. கரையாத பொருளைத் தண்ணீர் எப்படி இழுத்துப் போகும்? இது முதல் அர்த்தம். இரண்டாவது, திருப்பூர் ஐயா சொன்ன தட்டைச் சாயம். நீரில் கரையும், ஆனால் செல்லுலோஸை விட்டு நகராது. பருத்தித் துணிக்கான கருப்புச் சாயங்கள் சில இப்படி ஆரம்பப் புள்ளியிலேயே குந்திக்கொள்ளும். வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பட்டை நன்றாகக் காய்ந்தபின், அந்தக் கருப்பின்மேல் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தைத் தீக்குச்சி நுனியில் தொட்டு ஒரு சொட்டு வையுங்கள். சாயமாக இருந்தால் சில நிமிடங்களில் வெளுக்கும், அல்லது பழுப்பாக மாறும். கரியாக இருந்தால் அசைந்துகொடுக்காது. கரியைப் பிளீச் ஒன்றும் செய்யாது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வினிகரோ எலுமிச்சையோ கழிவறை ஆசிடோ அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

---

பழனிவேல்_73 | வியாழன், காலை 7.15

ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம். என் கேள்வி கொஞ்சம் வேறு. பங்காளிக்கும் எனக்கும் ஒரு கைமாற்றுப் பத்திரம். 15,000 என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது 1,15,000 என்று இருக்கிறது. முன்னால் போட்ட 1 கருப்புப் பால்பாயின்ட் பேனாதான், ஆனால் என் பேனா அல்ல என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். பத்திரத்தின் அந்த ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து இப்படித் தண்ணீரில் விட்டால் தெரிந்துவிடுமா?

---

ராதா_கெம் | வியாழன், காலை 8.40

ஐயா, தயவுசெய்து பத்திரத்தில் கை வைக்காதீர்கள். கிழித்த பத்திரத்தைக் கொண்டுபோனால் முதலில் உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

பால்பாயின்ட் மை தண்ணீரில் நகராது, அது எண்ணெய்ப் பசையான மை. ஆல்கஹால் போன்ற கரைப்பான் வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாதிரி விஷயத்தில் ஆவண நிபுணர்கள் முதலில் தொடாமலே பார்ப்பார்கள். அகச்சிவப்பு ஒளியில் வைத்தால் கண்ணுக்கு ஒரே கருப்பாகத் தெரியும் இரண்டு மையில் ஒன்று மறைந்துபோகும், மற்றது கருப்பாகவே நிற்கும். அப்படித் தெரிந்துவிட்டால் ஒரு துளிக் காகிதம்கூட வெட்ட வேண்டியதில்லை. அதிலும் தெரியாவிட்டால்தான், எழுத்தின் கோட்டிலிருந்து ஊசிமுனை அளவுக்கு ஒரு வட்டத்தைக் குத்தி எடுத்து, மையைக் கரைத்து, சிலிகா பூசிய தகட்டில் ஓட்டுவார்கள். தாளைவிட அதில் புள்ளிகள் இறுக்கமாக வரும்.

வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனு போட்டு நிபுணர் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை பத்திரத்தை வெயிலில் வைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

---

கணேஷ்_பிஎஸ்சி | வியாழன், காலை 9.10

கனக் கணக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், நானும் கேட்காமல் எழுதிவிட்டேன். ஆனால் பழனிவேல் அண்ணன் விஷயத்தில் ஒன்று சொல்லலாமே: இரண்டு மையும் ஒரே புள்ளிகளைக் காட்டினால் ஒரே பேனா, வேறு புள்ளிகளைக் காட்டினால் வேறு பேனா. முடிந்தது.

---

ராதா_கெம் | வியாழன், மதியம் 1.30

முதல் பாதி இல்லை கணேஷ். ஒரே கம்பெனி ஒரே மையை லட்சக்கணக்கான பேனாக்களில் நிரப்புகிறது. புள்ளிகள் ஒத்துப்போனால் "இரண்டும் ஒரே மையாக இருக்கலாம்" என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஒரே பேனா என்று சொல்லவே முடியாது. வித்தியாசமாக இருந்தால் வேறு மை என்பது ஓரளவு பலமான முடிவு.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பால்பாயின்ட் மையில் அடிக்கடி வரும் ஊதாச் சாயம் மெத்தில் வயலட். அது பார்க்க ஒன்று, உள்ளே நெருங்கிய உறவுக்காரச் சாயங்கள் நாலைந்து. வெளிச்சம் பட்டால் மூலக்கூறிலிருந்து மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாக உதிரும், ஒரு உறவுக்காரர் இன்னொருவராக மாறுவார். ஒரே பேனாவில் எழுதிய இரண்டு தாளில் ஒன்று பீரோவிலும் மற்றது ஜன்னலோரத்திலும் சில வருடம் இருந்தால், புள்ளிகளின் அளவு ஒன்றுபோல இருக்காது. ஒரே தாளில், ஒரே வரியில் இருக்கும் இரண்டு எண்களுக்கு அந்தக் குழப்பம் குறைவு. பழனிவேல் ஐயாவுக்கு அது சாதகம்.

---

பழனிவேல்_73 | வியாழன், மதியம் 2.05

வக்கீலிடம் பேசிவிட்டேன் அம்மா. பத்திரம் அவரிடமே இருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

---

மல்லிகா_டீச்சர் | வெள்ளி, இரவு 8.15

முடிவுகளோடு வந்திருக்கிறேன். ராதா சொன்னபடி டம்ளர்களைத் தட்டால் மூடி, ஒரு தண்ணீருக்கு மூன்று பட்டை. எடுத்ததும் எல்லையைக் குறித்தோம். மூடியதால் எல்லாம் ஏறக்குறைய 80 மி.மீ. வரை ஒரே மாதிரி ஏறின. அதுவே முதல் ஆச்சரியம்.

ஆர்.ஓ. தண்ணீரில் ரோஸ் 0.69, 0.70, 0.71. பள்ளிக் குழாய்த் தண்ணீரில் 0.60, 0.61, 0.61. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் போட்டதில் 0.56, 0.56, 0.58. நீலம் மூன்று தண்ணீரிலும் 0.90-க்குக் கீழே இறங்கவில்லை. திருப்பூர் ஐயாவின் சாயத்தொட்டிதான் ஜெயித்தது. இரண்டாவது பிள்ளை போர்டில் எழுதிய வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "ரோஸ் 0.70 என்று எழுதினால் போதாது, எந்தத் தண்ணீரில் என்றும் எழுத வேண்டும்."

இனி ஊதா. அதை எப்படிச் சோதிப்பது என்று யாரும் சொல்லவில்லையே?

---

ராதா_கெம் | வெள்ளி, இரவு 9.00

அருமையான எண்கள். பழனிவேல் ஐயா விஷயத்தில் ஊதாவை மறந்தேபோனேன்.

மேலே நீலம், கீழே ரோஸ், நடுவில் ஊதா என்றால் முதல் சந்தேகம், நீலத்தின் வாலும் ரோஸின் தலையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்பதுதான். நீலமும் ரோஸும் சேர்ந்தால் ஊதாவாகத்தான் தெரியும். கண் ஏமாறும், ஆனால் திரும்ப ஓட்டினால் தெரிந்துவிடும். ஊதாப் பகுதியை மட்டும் கத்தரித்து, இரண்டு சொட்டு ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இன்னொரு பட்டையில் சின்னப் புள்ளியாக, காயவிட்டுக் காயவிட்டு வையுங்கள். ஒரே தடவையில் வைத்தால் வெளிறிப்போகும். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஓட்டுங்கள். நீலமும் ரோஸுமாகப் பிரிந்தால் நான்காவது சாயம் இல்லை. ஊதாவாகவே நின்றால் யோசிக்க வேண்டும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் கண்ணுக்குத் தப்பிவிடும். இருட்டறையில் போன் டார்ச்மேல் நீலக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்துப் பட்டைமேல் அடியுங்கள். மஞ்சள் நீல ஒளியை விழுங்குவதால் கருத்த கறையாகத் தெரியும். வெறும் கண்ணில் முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்துக்கு மேலேயும் அது நீண்டிருக்கும்.

---

வெண்பா_10அ | சனி, காலை 11.20

அக்கா, பிளீச் வைத்தேன், அம்மாவும் கூட இருந்தார். ஜெல் பேனாப் புள்ளி பத்து நிமிடமாகியும் கருகருவென்று அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவிலும் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அது இரண்டு நிமிடத்தில் அழுக்கு மஞ்சளாகிவிட்டது. அப்போது என் ஜெல் பேனா கரிதானே? அப்படியென்றால் அந்தப் பேனாவை வைத்து வண்ணப்பிரிகை செய்யவே முடியாதா?

---

ராதா_கெம் | சனி, மதியம் 12.10

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி வைத்தாயே, அது நல்ல வேலை. ஆமாம், கரி என்றே எடுத்துக்கொள்ளலாம். கரித்தூளை எந்தத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் தாளில் ஏற்றாது. ஆனால் கரியோடு கொஞ்சம் சாயமும் கலந்த பேனாக்கள் உண்டு. அப்படி இருந்தால் கருப்பு அப்படியே நிற்க, அதிலிருந்து ஒரு மெல்லிய நிறம் மட்டும் மேலே வழியும். உன் பட்டையில் அது இல்லை என்கிறாய், நீல வெளிச்சத்திலும் ஒரு தடவை பார்த்துவிடு.

---

மல்லிகா_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.40

சாம்பல் நிறக் கறைக்கும் பிளீச் வைத்தோம். ஐந்து நிமிடத்தில் வெளிறிப் பழுப்பானது. ஆகவே கரி அல்ல, தாளை விடாத சாயம் என்று குறித்துக்கொண்டோம்.

ஊதாவில்தான் கதை திரும்பியது. பழைய பேனாவின் ஊதாவை வெட்டி மறுபடி ஓட்டியதில் மேலே நீலம், கீழே ரோஸ், நடுவில் ஒன்றும் இல்லை. வகுப்பில் கைதட்டல். அதே உற்சாகத்தில் ஒரு பையன் தன்னுடைய பேனாவைக் கொண்டுவந்தான், வேறு தயாரிப்பு. அதிலும் ஊதா இருந்தது. வெட்டி ஓட்டினோம். ஊதா ஊதாவாகவே 0.78-ல் நின்றது, நீலமோ ரோஸோ பிரியவே இல்லை. நீல வெளிச்சத்தில் பார்த்தும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

---

சாயக்காரன்_திருப்பூர் | ஞாயிறு, இரவு 7.30

அது ஒற்றை ஊதாச் சாயம்தான். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் ஆசிட் வயலட் ரகத்தில் எத்தனையோ இருக்கின்றன, தண்ணீரில் நன்றாக ஓடும். கருப்பு மையில் ரோஸையும் நீலத்தையும் குறைத்து ஊதாவைப் போட்டால் செலவு குறையும். நான் பந்தயம் கட்டத் தயார்.

---

ராதா_கெம் | ஞாயிறு, இரவு 8.05

நான் கட்ட மாட்டேன் ஐயா. தண்ணீரில் பிரியவில்லை என்பது மட்டும்தான் இப்போது தெரியும். தண்ணீரில் ஒரே 0.78 காட்டும் இரண்டு சாயங்கள் கைகோத்துக்கொண்டு நிற்கலாம். தண்ணீரையே மாற்றிப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு பட்டை (டீச்சர், அடுப்பு பக்கம் வேண்டாம்), சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஒரு பட்டை. பிளீச் பாட்டில் அன்றைக்கு அறையிலேயே இருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே புள்ளியாக நின்றால் உங்கள் பந்தயத்துக்கு மதிப்புக் கூடும், அப்போதும் நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன்.

---

கணேஷ்_பிஎஸ்சி | ஞாயிறு, இரவு 8.20

வெட்டாமலே பார்க்க ஒரு வழி உண்டு. சதுரத் தாளில் மூலையில் புள்ளி வைத்து ஓட்டிவிட்டு, காயவைத்து, தாளை ஒரு பக்கமாகத் திருப்பி, ராதா மேடம் சொன்ன ஸ்பிரிட் கலவையில் மறுபடி ஓட்டுங்கள். தண்ணீரில் ஒன்றாக நின்றவை இரண்டாவது திசையில் பிரிய வாய்ப்பு அதிகம். இது சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

---

ராதா_கெம் | ஞாயிறு, இரவு 8.31

சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

---

மல்லிகா_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.00

பத்துக்குப் பத்து செ.மீ. சதுரமாக எட்டு தாள் வெட்டி வைத்துவிட்டேன். ஸ்பிரிட் நாளை வாங்க வேண்டும். ஐயா, பந்தயம் என்ன?

---

சாயக்காரன்_திருப்பூர் | ஞாயிறு, இரவு 9.12

தோற்றால் உங்கள் வகுப்புக்கு ஒரு டப்பா ஒற்றைச் சாயப்பொடிகள் அனுப்பிவைக்கிறேன், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி. ஜெயித்தாலும் அனுப்புவேன். பக்கத்தில் பெயர் தெரிந்த ஊதா ஒன்றை ஓட்டிப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது?